சனிக்கிழமைச் சந்தை: கடை விரிக்கும் சரிபார்ப்புப் பட்டியல்

இந்தச் சனிக்கிழமை நான் தோட்டத்தில் இருப்பேன். கடையை நீங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் படிக்க, மற்றவர் செய்து முடித்து டிக் போடுங்கள். காலை 5:30க்குள் வண்டி சந்தையில் நின்றால் 6:30க்கு நிதானமாக விற்பனை தொடங்கலாம்.

ஏற்றும் சரக்கு: தக்காளி 40 கிலோ, கத்தரிக்காய் 18 கிலோ, வெண்டைக்காய் 12 கிலோ, கீரை 60 கட்டு, பூசணி 9 காய். வண்டியில் ஏற்றும்போதே எடை போட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். சாயங்காலக் கணக்கு முழுக்க இந்த எண்களை நம்பித்தான் இருக்கிறது.

தராசு
☐ முந்தின இரவே முழுச் சார்ஜ். மாற்று பேட்டரி பெட்டியில் இருக்கிறது.
☐ மேசை ஆடக் கூடாது. காலுக்கு அடியில் கட்டை கொடுத்து, தராசின் நீர்மட்டக் குமிழி நடுவில் வரும்வரை சரிசெய்யுங்கள்.
☐ தட்டில் ஒன்றும் இல்லாதபோது பூஜ்யம் காட்ட வேண்டும். அப்புறம் 1 கிலோ படிக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். எங்காவது எடை மாறினால் அந்தத் தராசில் விற்க வேண்டாம். இரண்டாவது தராசை எடுங்கள்.
☐ கூடையில் போட்டு நிறுத்தால், வெறும் கூடையை வைத்துக் கழிவு பொத்தானை அழுத்திய பிறகே காய் போட வேண்டும். கூடை எடைக்கு யாரும் காசு கொடுக்கக் கூடாது.
☐ எண்கள் வாங்குபவருக்கும் தெரிய வேண்டும். முத்திரை ஸ்டிக்கரை எதுவும் மறைக்கக் கூடாது.
☐ காற்று பலமாக அடித்தால் எண் ஆடும். அந்தப் பக்கம் காலிப் பெட்டிகளை அடுக்குங்கள்.

சில்லறை
☐ தொடக்கச் சில்லறையை இருவரும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகு தொகையை நோட்டில் எழுதுங்கள்.
☐ சிறிய நோட்டும் நாணயமும்தான் நிறைய வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் வருபவர்கள் பெரும்பாலும் பெரிய நோட்டு நீட்டுவார்கள்.
☐ வாங்கிய நோட்டு, மீதி கொடுத்து முடியும்வரை மேசையில் பாரத்துக்கு அடியில் இருக்கட்டும். எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சே வராது.
☐ பெரிய நோட்டுகள் இடுப்புப் பைக்கு. பணப்பெட்டியைத் தனியாக விட்டுவிட்டு யாரும் நகரக் கூடாது.
☐ க்யூஆர் அட்டையில் செலுத்துபவரிடம், பணம் வந்த செய்தி நம் போனில் வந்ததைப் பார்த்த பிறகு பையைக் கொடுங்கள்.

பைகள்
☐ காகிதப் பை, பெரியது சிறியது இரண்டும். ஈரக் கீரையைக் காகிதத்தில் போட்டால் கிழியும். அதற்குத் துணிப் பை.
☐ பை கொண்டுவந்தவர்களுக்கு அதிலேயே போடுங்கள். கனமான காய் அடியில், தக்காளி மேலே.

பலகை
☐ ஒவ்வொரு காய்க்கும் ஒரு பலகை: பெயர், விலை, கிலோவா கட்டா காயா என்பது. மூன்றும் இருந்தாக வேண்டும். விலை மட்டும் எழுதி அளவை விட்டால் நாள் முழுக்க அதையே கேட்பார்கள்.
☐ நான்கைந்து அடி தள்ளி நின்று படியுங்கள். தெரியவில்லை என்றால் பெரிதாக எழுதுங்கள். நீரில் அழியாத மார்க்கர்தான்.
☐ ‘நேற்று மாலை பறித்தது’ என்ற அட்டை தக்காளிக்கும் கத்தரிக்கும் மட்டும். வெண்டை முந்தாநாள் பறித்தது, அதில் வைக்க வேண்டாம்.
☐ ‘இயற்கை விளைச்சல்’ என்று எங்கும் எழுதாதீர்கள். நம்மிடம் சான்றிதழ் இல்லை. கேட்பவரிடம் என்ன உரம் போட்டோம் என்று உள்ளபடி சொல்லுங்கள்.

விற்காத சரக்கின் கணக்கு
இதைத் தயவுசெய்து அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் எவ்வளவு பறிப்பது என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். கண் மதிப்பில் ‘கொஞ்சம் மிச்சம்’ என்று எழுதினால் எனக்குப் பயன்படாது.
☐ கூடாரத்தைப் பிரிக்கும் முன்பே, மேசை போட்டபடி இருக்கும்போதே எடை போடுங்கள்.
☐ மூன்றாகப் பிரியுங்கள்: நாளைக்கும் விற்கக்கூடியது, இன்றே சமைத்தாக வேண்டியது, உரக்குழிக்குப் போவது. மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். கீரையும் பூசணியும் எண்ணிக்கையில்.
☐ யாருக்காவது சும்மா கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.
☐ கொண்டுபோனதில் இவை எல்லாவற்றையும் கழித்தால் விற்றது வரும். 40 கிலோ தக்காளியில் 5 நல்லது, 2 நசுங்கியது, 1 சும்மா கொடுத்தது என்றால் விற்றது 32. அதை விலையால் பெருக்கி, எல்லாக் காய்க்கும் கூட்டிப் பாருங்கள். போனில் வந்ததையும் சேர்த்து, தொடக்கச் சில்லறை போக மிஞ்சும் பணம் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். கொஞ்சம் வித்தியாசம் வெயிலில் காய் வாடி எடை குறைவதால் இருக்கலாம். பெரிய வித்தியாசம் என்றால் பணத்தை மறுபடி எண்ணுங்கள்.
☐ ஏதாவது தீர்ந்துபோனால் அந்த நேரத்தை எழுதுங்கள். கீரை 8 மணிக்கே தீர்ந்ததா, கடைசியில் தீர்ந்ததா என்பது, மிச்சம் எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். மிச்சமே இல்லாத நாளில் எவ்வளவு பேர் திரும்பிப் போனார்கள் என்று தெரியாமல் போகும்.
☐ நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, சந்தையை விட்டுக் கிளம்பும் முன் எனக்கு அனுப்புங்கள். ஞாயிறு பறிப்புக்கு ஆட்களிடம் இரவே சொல்ல வேண்டும்.