கார் விற்றாச்சு: வாரண்டியைப் பெயர் மாற்றவும், சர்வீஸ் பேக்கேஜ் பாக்கியைத் திருப்பித் தரவும்

சர்வீஸ் மேனேஜர் சார், வணக்கம்.

2023 ஜூனில் உங்களிடம் எடுத்த வெள்ளை கார் (வண்டி எண்ணில் கடைசி நாலு 4471) இப்போது என்னிடம் இல்லை. ஆகஸ்ட் 28 அன்று விற்றுவிட்டேன், செப்டம்பர் 11 அன்று ஆர்.சி.யும் வாங்கினவர் பெயருக்கு மாறிவிட்டது. கொடுக்கும்போது 31,480 கி.மீ. ஓடியிருந்தது.

முதலில் எக்ஸ்டெண்டட் வாரண்டி. நாலாவது, ஐந்தாவது வருஷத்துக்கு என்று கார் எடுத்த அன்றே வரியோடு 17,700 ரூபாய் கட்டினேன். கம்பெனி வாரண்டியே 2026 ஜூன் வரை இருக்கிறது, அதனால் இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இதைக் கேன்சல் பண்ண வேண்டாம், வாங்கினவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். வாரண்டி இருக்கிறது என்று சொல்லித்தான் விலை பேசினேன். பெயர் மாற்றக் கட்டணம் இருந்தால் நான் கட்டுகிறேன். வண்டியைப் பார்க்க வேண்டும் என்றால் அவர் நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்பில் காட்டத் தயார், அதற்காகக் கோயம்புத்தூர் வரை வரச் சொல்லாதீர்கள்.

அடுத்து சர்வீஸ் பேக்கேஜ். நாலு சர்வீஸுக்கு 18,000, ஜி.எஸ்.டி. 3,240, மொத்தம் 21,240 ரூபாய், 2024 மே மாதம் கட்டியது. கார்டில் நாலு கட்டம், இரண்டில்தான் உங்கள் சீல் விழுந்திருக்கிறது. இது உங்கள் ஒர்க்‌ஷாப்பில் மட்டும்தான் செல்லும், நாகர்கோவில்காரருக்கு எதற்கு? மீதி இரண்டுக்கு 10,620 ரூபாய் திருப்பித் தாருங்கள். நியாயமாகப் பார்த்தால் முடிந்த இரண்டும் ஆயில், ஃபில்டர் என்று சின்ன வேலை, பெரிய சர்வீஸ் இனிமேல்தான் வருகிறது, இருந்தாலும் நான் பாதிதான் கேட்கிறேன்.

போனில் கேட்டபோது கவுண்டரில் இருந்த தம்பி, "வண்டி வித்தா பேக்கேஜ் போச்சு சார்" என்றார். எங்கே எழுதியிருக்கிறது? ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்து முழுவதையும் கண்ணாடி போட்டுப் படித்தேன், வேறு வண்டிக்கு மாற்ற முடியாது என்றுதான் இருக்கிறது. பணம் திரும்பாது என்று ஒரு வரி இருந்தால் காட்டுங்கள், பேசாமல் விட்டுவிடுகிறேன். வரி அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்றும் சொன்னார். போன நிதியாண்டு பில்லுக்கு இந்த நவம்பர் 30 வரை கிரெடிட் நோட் போட்டு வரியைச் சரிக்கட்டலாமே, உங்கள் அக்கவுண்ட்ஸில் கேட்டுப் பாருங்கள்.

புது ஆர்.சி. நகல், ஃபார்ம் 29, டெலிவரி நோட், இரண்டு ரசீதுகள், பேக்கேஜ் கார்டின் போட்டோ, கேன்சல் பண்ணிய செக் எல்லாம் இணைத்திருக்கிறேன். ஒரிஜினல் கார்டு வேண்டுமென்றால் நேரில் தருகிறேன், ஆனால் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வேண்டும். அக்டோபர் 7-க்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வரவில்லை என்றால் 1915-இல் நுகர்வோர் புகார் பதிவு செய்வேன், அந்த அலைச்சல் இரண்டு பேருக்குமே வேண்டாம்.

அப்புறம், சர்வீஸ் டியூ என்று உங்கள் ஆட்கள் இன்னும் எனக்கே போன் அடிக்கிறார்கள், நேற்றுகூட இரண்டு தடவை. அந்த லிஸ்ட்டில் இருந்து என் நம்பரை எடுத்துவிடுங்கள்.

ரவிச்சந்திரன்
பீளமேடு, கோயம்புத்தூர்
22.09.2025