பொருள்: பரிந்துரைக் கடிதம் வேண்டி – பிரபு (கியூசி லாப், 2019–2023)

24.10.2025

வணக்கம் சார்,

தீபாவளிக்குப் பேரப் பிள்ளைகள் எல்லாம் வந்திருப்பார்கள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு காம்பாக்ட் ஸ்பின்னிங் மில்லில் லாப் இன்சார்ஜ் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். முதல் சுற்று முடிந்தது. நவம்பர் 14, வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். முன்பு யாரிடம் நேரடியாக வேலை பார்த்தேனோ அவரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். லாபில் என் வேலையைத் தினமும் பார்த்தவர் நீங்கள்தான். நவம்பர் 7-க்குள் எழுதித் தர முடியுமா சார்?

நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டதால் மில் லெட்டர்ஹெட் கிடைக்காதே என்று எச்ஆரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். அது வேண்டாமாம். ஏ4 வெள்ளைத்தாளில் ஒரு பக்கம், கீழே கையெழுத்து, பெயர், அப்போதைய பதவி, தொலைபேசி எண் இருந்தால் போதும். மொபைலில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக எனக்கு அனுப்பினால் நான் சேர்த்துவிடுகிறேன். நேராக அவர்களுக்கே அனுப்புவது உங்களுக்கு வசதி என்றால் எச்ஆர் மெயில் முகவரி இணைப்பில் இருக்கிறது. கடிதம் கிடைத்த பிறகு ஒருமுறை போன் செய்து ஐந்து நிமிடம் பேசுவார்களாம். எந்த நேரம் தோது என்று சொன்னால் அப்போது மட்டும் அழைக்கச் சொல்கிறேன்.

தேதிகளை மட்டும் கவனிக்க வேண்டும் சார். ரிலீவிங் லெட்டரில் 10.06.2019 முதல் 31.08.2023 வரை என்று இருக்கிறது. அதில் முதல் வருடம் டிரெய்னி, ஜூன் 2020-ல்தான் கன்ஃபர்மேஷன். கடிதத்தில் 2020 முதல் என்று வந்துவிட்டால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்தி வைத்துவிடுவார்கள். சம்பள விவரம் எதுவும் எழுத வேண்டாம்.

என்ன எழுதுவது என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக, உங்களுக்கு நினைவிருக்கக் கூடிய மூன்றை எடுத்துத் தருகிறேன்.

40 கோம்ப்டு நூலில் கவுன்ட் சிவி 2.1-லிருந்து இறங்காமல் இருந்ததே, 2021-ல். ரிங் ஃபிரேமையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபினிஷர் டிரா ஃபிரேம்வாரியாக லீ எடுத்துப் பிரித்துப் பார்த்ததில் ஒரே மெஷின் ஸ்லைவரில்தான் ஏற்ற இறக்கம்; ஆட்டோலெவலர் ஸ்கேனிங் ரோலரில் பஞ்சு அடைந்திருந்தது. சுத்தம் செய்து செட்டிங் சரிபார்த்ததும் ஒரு மாதத்தில் 1.4-க்கு வந்தது. திண்டுக்கல்காரர்கள் முதல் சுற்றில் அதிகம் கேட்டது கவுன்ட் சிவி பற்றித்தான். அதனால் இது ஒன்று இருந்தாலே கடிதம் கனமாகிவிடும்.

இரண்டாவது, பேக்கிங்கில் யூவி லைட்டில் கோன் பார்க்கும் வழக்கம். வெளிச்சத்தில் ஒரே வெள்ளையாகத் தெரியும் இரண்டு லாட், யூவியில் தனித்தனியாகத் தெரியும். கலந்து போனால் நிட்டிங்கில் துணியில் பட்டை விழும். ஷிஃப்டுக்கு எத்தனை கோன் பார்ப்பது என்ற அட்டவணையை நான் தயாரித்தேன், நீங்கள் திருத்தினீர்கள்.

மூன்றாவது, புதிதாக வந்த ஆறு லாப் பெண்களுக்கு ராப் ரீல், எவன்னஸ் டெஸ்டர் இரண்டையும் சொல்லிக் கொடுத்தது. இன்சார்ஜ் வேலை என்பதால் ஆளைப் பழக்கத் தெரியுமா என்று கட்டாயம் கேட்பார்கள்.

குறை என்ன என்று போனில் கேட்டால் மறைக்க வேண்டாம் சார். மழைக்காலத்தில் பாபினைக் கண்டிஷனிங் செய்யாமல் எடைபோட்டு, 1.62 கிராம் வர வேண்டிய லீ 1.65 காட்ட, 39.3 கவுன்ட் என்று ரிப்போர்ட் கொடுத்தேனே, அதையே சொல்லலாம். அதன் பிறகு 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் வைக்காத எதையும் எடைபோட விட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

இணைப்பில் வேலை விளம்பரம், என் ரெஸ்யூமே, ரிலீவிங் லெட்டர் நகல், பிறகு பன்னிரண்டு வரியில் ஒரு மாதிரிக் கடிதம் இருக்கிறது. மாதிரி வெறும் வசதிக்குத்தான். உங்களுக்கு ஒப்பாத வரியை அடித்துவிடுங்கள். உங்கள் நடையில் நான்கு வரி இருந்தாலும் எனக்கு அதுவே பெரிது.

உடம்புக்கு முடியாமலோ வேறு வேலையிலோ இருந்தால் தயங்காமல் "இப்போது முடியாது" என்று ஒரு வரி போடுங்கள். அப்போதைய ஷிஃப்ட் ஆபீசரிடம் கேட்டுக்கொள்வேன். வருத்தம் எதுவும் இல்லை. அவரிடம் கேட்க வேண்டுமானால் 29-ம் தேதிக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும். 3-ம் தேதி ஒருமுறை போன் செய்து நினைவூட்டுகிறேன்.

என் நம்பர் பழையதேதான்.

அன்புடன்,
பிரபு

பி.கு.: மாதிரிக் கடிதத்தை வேர்டில் அனுப்பியிருக்கிறேன். மொபைலில் திறக்கும்போது எழுத்து உடைந்து தெரிந்தால் சொல்லுங்கள், பிரிண்ட் எடுத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.