பொருள்: பிப்ரவரி முதல் மே 2025 வரையிலான இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் ரூ.40,000 வழங்கக் கோருதல்

திருப்பூர்
07.08.2025

பெறுநர்: மனிதவளப் பிரிவு மேலாளர், சரவணம்பட்டி அலுவலகம், கோயம்புத்தூர்
நகல்: நிர்வாக இயக்குநர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் மென்பொருள் சோதனைப் பிரிவில் 02.12.2024 முதல் 30.05.2025 வரை ஆறு மாதம் இன்டர்னாக வேலை பார்த்தேன். முதல் இரண்டு மாத ஸ்டைபண்ட் வந்தது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய நான்கு மாதத்துக்கு இன்றுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை. அந்த ரூ.40,000-ஐ வழங்கும்படி கேட்டு இதை எழுதுகிறேன்.

2024 நவம்பர் 21 அன்று தங்கள் அலுவலக முகவரியிலிருந்து எனக்கு வந்த ஆஃபர் மெயிலில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன: பயிற்சிக் காலம் ஆறு மாதம், ஸ்டைபண்ட் மாதம் ரூ.10,000, ஒவ்வொரு மாதத் தொகையும் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். மறுநாள் காலையே சம்மதம் என்று பதில் எழுதினேன். 'டிசம்பர் 2ஆம் தேதி காலை ஒன்பதரைக்கு வந்துவிடுங்கள்' என்று நீங்களும் பதில் அனுப்பினீர்கள். அந்த மெயில் தொடரை முழுதாக இணைத்திருக்கிறேன்.

டிசம்பர் மாதத் தொகை 2025 ஜனவரி 10 அன்றும், ஜனவரி மாதத் தொகை பிப்ரவரி 11 அன்றும் ஒவ்வொன்றும் பத்தாயிரமாக என் கணக்கில் ஏறியது. அதாவது, மெயிலில் சொன்ன தொகையை நிறுவனமே இரண்டு முறை கொடுத்திருக்கிறது. மார்ச் மாதம் கேட்டபோது கணக்குப் பிரிவில், 'இந்த மாதம் கொஞ்சம் டைட், அடுத்த மாதம் சேர்த்துப் போட்டுவிடுவோம்' என்றார்கள். சரி என்று நம்பி வேலையைத் தொடர்ந்தேன். ஏப்ரலிலும் அதே பதில்தான்.

பயிற்சி முடிந்த பிறகு, ஜூன் 12 அன்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, வாடிக்கையாளரிடமிருந்து பணம் வரவில்லை என்றீர்கள். ஜூன் 27 அன்று தொலைபேசியில் பேசியபோது காரணம் மாறிவிட்டது. வேலைத் திறனைப் பொறுத்துத்தான் ஸ்டைபண்ட் என்று சொன்னீர்கள். ஜூலை 15 அன்று நான் அனுப்பிய மெயிலுக்குப் பதிலே இல்லை.

வாடிக்கையாளர் பணம் கொடுத்தால்தான் எனக்குத் தருவதாக ஆஃபர் மெயிலில் எந்த வரியும் இல்லை. அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள கணக்கு. திறனைப் பொறுத்துத் தொகை மாறும் என்றும் அதில் எங்கும் இல்லை; இருந்திருந்தால் சேரும் முன்பே யோசித்திருப்பேன். அப்படியே திறனைத்தான் பார்ப்பதென்றாலும், 30.05.2025 தேதியிட்டு நீங்களே கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் கொடுத்த சான்றிதழைப் பாருங்கள். 'பயிற்சியை வெற்றிகரமாக நிறைவு செய்தார்' என்றும், வேலைத் திறன் 'மிக நன்று' என்றும் அதில் இருக்கிறது. மே மாதம் மிக நன்று என்று எழுதிக் கொடுத்த வேலை, ஜூன் மாதம் ஊதியத்துக்குத் தகுதியில்லாத வேலை ஆகிவிடாது. திறனைப் பொறுத்துத்தான் என்ற அந்த ஒரு சொல்தான் ஐயா என்னை மிகவும் வருத்தியது. பணம் தாமதமானதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

என்ன வேலை செய்தேன் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ஈரோடு ஜவுளிக் கடைக்கான பில்லிங் மென்பொருளில், ஒரு பில்லில் உள்ள பல துணிகளில் ஒன்றை மட்டும் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால், ஜிஎஸ்டி பைசாவை முழு ரூபாயாக்கும் இடத்தில் கணக்கு ஒரு ரூபாய் இடித்தது. எல்லா பில்லிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். மூன்று மாலை உட்கார்ந்து, பழைய பில்களைக் கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அந்தப் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஏப்ரல் 15 அன்று கடையில் மென்பொருளை ஓடவிட வேண்டும் என்பதால் 12, 13 சனி ஞாயிறும் வந்தேன். 14ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு. அன்றும் இரவு எட்டு மணி வரை அலுவலகத்தில்தான் இருந்தேன். வீட்டில் எனக்காக எடுத்து வைத்த பாயசத்தைப் பற்றி மறுவாரம் ஊருக்குப் போய்த்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வருகைப் பதிவேட்டில் இந்த நாட்கள் எல்லாம் இருக்கும்.

கோவையில் தங்கிய விடுதிக்கு மாதம் ரூ.5,500. ஸ்டைபண்ட் வரும் என்ற கணக்கில்தான் அங்கே தங்கினேன். மார்ச் முதல் மே வரை மூன்று மாத வாடகையை, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா கட்டினார். அந்த ரூ.16,500-ஐ நான் அவருக்குத் திருப்பித் தர வேண்டும். இரக்கப்பட்டுத் தாருங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மாணவர்களுக்கு ஸ்டைபண்ட் கைச்செலவுக்குத்தானே என்று தொலைபேசியில் சொன்னீர்கள், அதற்காகச் சொல்கிறேன். சான்றிதழே பெரிய விஷயம் என்றும் சொன்னீர்கள். சான்றிதழுக்கு நன்றியுடையவளாகவே இருக்கிறேன். ஆனால் பணத்துக்குப் பதிலாக அது என்று நாம் பேசிக்கொள்ளவில்லை.

சட்ட நிலையையும் மரியாதையோடு தெரிவிக்கிறேன். ஒருவர் முன்வைத்து மற்றவர் ஏற்றுக்கொண்ட, பிரதிபலன் உள்ள உடன்பாட்டை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அங்கீகரிக்கிறது. மின்னஞ்சல் வழியாக உருவானது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்பதை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 10ஏ சொல்கிறது. இன்டர்ன் என்பவர் ஊழியர் இல்லை என்று நீங்கள் கருதினாலும், எழுதிக் கொடுத்த வாக்கு இல்லாமல் போகாது.

ஆகவே, ரூ.40,000-ஐ 22.08.2025 வெள்ளிக்கிழமைக்குள் என் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். வங்கிக் கணக்கு ஜனவரியில் நீங்கள் பணம் போட்ட அதே கணக்குதான், மாறவில்லை. சட்டப்படி ஏதாவது பிடித்தம் செய்ய வேண்டியிருந்தால், எவ்வளவு, எதற்கு என்று எழுத்தில் தாருங்கள். ஒரே தவணையில் கஷ்டம் என்றால், ஆகஸ்ட் 22க்குள் ரூ.20,000, செப்டம்பர் 22க்குள் ரூ.20,000 என்று இரண்டு தவணையாகப் பெற்றுக்கொள்ளச் சம்மதம். ஆனால் அந்தத் தேதிகளை மெயிலில் உறுதி செய்ய வேண்டும். தொலைபேசியில் சொல்வது இனி போதாது.

ஆகஸ்ட் 22க்குள் பணமோ எழுத்து மூலமான பதிலோ வராவிட்டால், கோவை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துச் சமரசத்துக்கு உங்களை அழைக்கக் கேட்பேன். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே அங்கே இலவச சட்ட உதவி உண்டு. எங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்கும் இந்த மெயில் தொடரை அனுப்புவேன். அடுத்த ஆண்டு உங்களிடம் வரப்போகும் ஜூனியர்களுக்கு நடந்தது தெரிய வேண்டும். அந்த நிலைக்குப் போகாமலே இது முடிய வேண்டும் என்பதுதான் என் விருப்பம். என் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர்கள். அவர்கள்மீது எந்த வருத்தமும் இல்லை.

இந்த மெயில் கிடைத்ததற்கு ஒரு வரி பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கி. நந்தினி
முன்னாள் இன்டர்ன், மென்பொருள் சோதனைப் பிரிவு

இணைப்பு: 21.11.2024 ஆஃபர் மெயிலும் பதில்களும், 30.05.2025 பயிற்சி நிறைவுச் சான்றிதழ். ஜனவரி முதல் ஜூலை 2025 வரையிலான வங்கிக் கணக்கு அறிக்கை. ஜூன் 12 வாட்ஸ்அப் உரையாடலின் படம். ஜூலை 15 மெயிலின் நகல்.