உங்கள் விவரங்கள் எங்களிடம் எப்படி இருக்கின்றன: பணியாளர் தனியுரிமை அறிவிப்பு

நாள்: 5.1.2026

நமது திருப்பூர் பனியன் யூனிட்டில் வேலை செய்யும் 46 பேருக்கும், வேலையை விட்டுப் போனவர்களுக்கும் இந்த அறிவிப்பு பொருந்தும். இந்தி, ஒடியா மொழிகளிலும் அலுவலகத்தில் கிடைக்கும். படிக்கச் சிரமமானால் கேளுங்கள், வாசித்துச் சொல்வோம்.

எதை வாங்குகிறோம், எதற்கு

பெயர், முகவரி, பிறந்த தேதி, ஆதார், பான், வங்கிக் கணக்கு, நாமினி விவரம். அப்புறம் வருகை, சம்பளம், விடுப்புப் பதிவுகள். சம்பளம் போடவும், பிஎஃப், இஎஸ்ஐ கட்டவும், வருமான வரி பிடிக்கவும் இவை வேண்டும். இந்த வேலைகளுக்குத் தனியாகச் சம்மதம் கேட்பதில்லை. சாதி, மதம், திருமணத் திட்டம், கர்ப்பம் பற்றி நேர்காணலில் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் எங்களிடம் சொல்லுங்கள்.

கைரேகை வருகைக்கு மட்டும் உங்கள் சம்மதம் கேட்போம். விருப்பமில்லாதவருக்கு அட்டை தருவோம். பாதியில் மனம் மாறினாலும் சரி, சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

ஆதார் நகல்

இதுவரை பலர் ஆதாரைப் படம் எடுத்து சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி வந்தீர்கள். அப்படி அனுப்பச் சொன்னது எங்கள் தவறு. ஒருவரின் போன் தொலைந்தால் எல்லோருடைய அடையாளமும் வெளியே போய்விடும். அந்தப் படங்களை அழித்துவிட்டோம். இனி ஆதாரை நேரில் அலுவலகத்தில் மட்டும் காட்டுங்கள். நகல் வைக்க வேண்டியிருந்தால், கடைசி 4 இலக்கம் தவிர மற்றதை மறைத்துத்தான் வைப்போம்.

யார் பார்க்கலாம்

சம்பளக் கணக்கு எழுதுபவரும் மேலாளரும் மட்டும். காகிதங்கள் பூட்டிய பீரோவில் இருக்கும், கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. மருத்துவச் சான்று, பேறுகால விடுப்பு தொடர்பான காகிதங்களை மேலாளர் மட்டும் பார்ப்பார். லைன் சூப்பர்வைசருக்கு விடுப்பு நாட்கள் மட்டும் தெரியும்.

பிஎஃப், இஎஸ்ஐ, வருமான வரி அலுவலகங்கள், வங்கி, நம் ஆடிட்டர் ஆகியோருக்குத் தேவையான அளவு தருவோம். பையரின் தணிக்கையாளர்கள் சம்பள, வருகைப் பதிவேடுகளை இங்கேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆதாரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் காட்ட மாட்டோம். கடன் நிறுவனமோ, காப்பீட்டு ஏஜென்டோ, சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு வருபவரோ கேட்டால் உங்கள் போன் எண்ணைக்கூடக் கொடுக்க மாட்டோம்.

எத்தனை காலம்

வேலையை விட்டால் கைரேகைப் பதிவை 7 நாளில் அழிப்போம். சம்பளம், பிஎஃப் பதிவுகளை 8 ஆண்டு வைத்திருப்போம். பின்னாளில் பிஎஃப் பணம் வாங்கும்போது பெயரிலோ தேதியிலோ சிக்கல் வந்தால் அவைதான் உங்களுக்குச் சாட்சி. வேலை கிடைக்காதவர்களின் விண்ணப்பங்களை 6 மாதத்தில் கிழித்துவிடுவோம்.

நீங்கள் கேட்கக்கூடியவை

உங்கள் கோப்பைப் பார்க்கலாம், நகல் வாங்கலாம், பிழையைத் திருத்தச் சொல்லலாம், தேவை முடிந்ததை அழிக்கச் சொல்லலாம். வாய்ச்சொல்லே போதும். வேலை நாட்களில் மாலை 4 முதல் 5.30 வரை முதல் மாடி அலுவலகத்தில் மேலாளரைப் பாருங்கள். 15 நாளில் பதில் தருவோம். மேலாளர் மீதே குறை என்றால் நேராக முதலாளியிடம் வாருங்கள்.

உங்கள் விவரம் திருடு போனாலோ கசிந்தாலோ மறைக்க மாட்டோம். என்ன போனது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று உடனே சொல்வோம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்பற்றி இதை எழுதியிருக்கிறோம். அந்தச் சட்டம் முழுதாக அமலுக்கு வரும்வரை காத்திருக்காமல், இதில் உள்ளதை இன்று முதலே கடைப்பிடிக்கிறோம். ஏதாவது மாற்றினால், மாற்றுவதற்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

நிர்வாகம்