அம்மாவின் தண்டல்

ஐந்து வருடம் நாசர் பாய் கடையில் பீஸ் கணக்கில் தைத்தவள் மகேஸ்வரி. பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் துணிக்கடை இரைச்சல் எட்டும் தூரத்தில், இரண்டு மெஷின் மட்டுமே கொள்ளும் கடை அது. லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு வாடிக்கையாளர் 300 ரூபாய் கொடுத்தால், தைத்த கைக்கு 110. மீதி கடை வாடகைக்கும் பாயின் கத்திரிக்கும். பாய் நியாயமானவர்தான். தன் கட்டிங்குக்கு இருக்கும் மதிப்பை அறிந்தவர், அவ்வளவுதான்.

அந்தக் கட்டிங்கை அவள் கற்றுக்கொண்ட பிறகும் 110 ரூபாய்க்கே தைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று முதலில் சொன்னவரும் பாய்தான். "பாப்பா, கால் மெஷினை வைத்துக்கொண்டு தனியாகப் போகாதே. பவர் மெஷின் வாங்கு, ஓவர்லாக் ஒன்றும் வாங்கு. ஓரம் பிரிந்து வரும் ஜாக்கெட்டை இந்தக் காலத்தில் யார் வாங்கிக்கொள்வார்கள்?"

டேபிள், மோட்டாருடன் பவர் மெஷின் 26,000. பழைய ஓவர்லாக் 14,000. ஆக 40,000. மகேஸ்வரியின் கையில் இருந்தது, அம்மாவின் இட்லிக் கடை லாபத்தையும் சேர்த்தால்கூட, நாலாயிரத்துக்குச் சற்று மேல்.

அம்மாவுக்குத் தெரிந்த கடன் ஒன்றே ஒன்று: தண்டல். பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் தருவார்கள். தினமும் 100 ரூபாய், நூறு நாள். மாலை ஆறு மணிக்கு பைக்கில் ஆள் வருவான், அட்டையில் கையெழுத்துப் போடுவான், போவான். இட்லிப் பாத்திரம், தள்ளுவண்டி, மகேஸ்வரியின் பன்னிரண்டாம் வகுப்புக் கட்டணம் எல்லாம் அந்த அட்டைகளின் வழியே வந்தவை. அம்மா ஒரு நாளும் தவறியதில்லை. தவறவும் முடியாது, வண்டி முன்னால் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் வந்து நிற்பான்.

"பாங்க்கில் நமக்கெல்லாம் யார் தருவார்கள்?" என்றாள் அம்மா.

மகேஸ்வரிக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அவளுடைய சேமிப்புக் கணக்கு இருந்த வங்கியில் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அடுத்த மாதம் போனபோதும் அதையே சொன்னார்கள். வேறொரு வங்கியின் கிளையில் கண்ணாடி போட்ட அம்மையார் ஒருவர் நிதானமாக உட்கார வைத்துப் பேசினார். முத்ரா திட்டத்தில் சிஷு என்று ஒரு பிரிவு. ஐம்பதாயிரம் வரை, சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். ஆதார், பான், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், மெஷின் கடையின் கொட்டேஷன், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு. இந்தப் பதிவை அரசு இணையதளத்தில் காசில்லாமல் செய்துகொள்ளலாம். தெருமுனை பிரவுசிங் சென்டரில் அவளிடம் 200 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

"பணம் உன் கைக்கு வராதும்மா. நேராக மெஷின் கடைக்குப் போய்விடும்," என்றார் அதிகாரி. பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 40,000 ரூபாய், 12 சதவீத வட்டி, 24 மாதம். மாதம் 1,883. முதல் தவணையில் 400 வட்டிக்கு, 1,483 அசலுக்கு. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். இரண்டு வருடத்தில் மொத்த வட்டி ஐயாயிரத்து இருநூறு ரூபாய்க்குள்.

நூறு நாளைக்கு 1,500 கொடுத்துப் பழகிய அம்மா அந்தத் தாளை இரண்டு முறை வாங்கிப் பார்த்தாள். "வசூலுக்கு யார் வருவார்கள்?" என்று கேட்டாள்.

"யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி இவள் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வோம்."

யாரும் வரமாட்டார்கள் என்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

மெஷின் மே மாதக் கடைசியில் வந்தது. முதல் இரண்டு நாள் அது அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. கால் மெஷினில் மிதித்த பழக்கத்தில் பெடலை அழுத்தினால், கழுத்து வளைவைத் தாண்டித் தோள்பட்டைவரை தையல் ஓடிவிடும். பழைய புடவைத் துணியில் நேர்கோடு, வட்டம், மறுபடி நேர்கோடு என்று ஓட்டிப் பார்த்தாள். பாதத்தின் முன்பகுதியால் மட்டும் தொட வேண்டும், குதிகால் தரையில் இருக்க வேண்டும் என்பது பிடிபட்டபோது, முன்பு அரை நாள் வாங்கிய ஜாக்கெட் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஜூன் என்பதால் பள்ளிச் சீருடைகள் குவிந்தன. முதல் தவணை போனதே தெரியவில்லை.

அவள் பயந்தது ஆடி மாதத்துக்கு. ஆடியில் கல்யாணம் கிடையாது; தள்ளுபடியில் துணி வாங்குபவர்கள்கூட தைக்கக் கொடுப்பதை ஆவணிக்குத் தள்ளிவைப்பார்கள். அந்தப் பயத்திலேயே ஜூலை முழுக்கப் பைசா பைசாவாகப் பார்த்தாள். பீக்கோ, ஃபால்ஸ், நைட்டி, தலையணை உறை, எது வந்தாலும் தைத்தாள். ஆகஸ்ட் 5 அன்று கணக்கில் 2,100 ரூபாய் இருந்தது. ஆடித் தவணையைத் தாண்டியாயிற்று, இனி கவலையில்லை என்று தோன்றியது. வேலையில்லாத மாதம் ஆளை எச்சரிக்கையாக வைத்திருக்கும். வேலை குவியும் மாதத்துக்கு அந்தக் குணம் கிடையாது.

அக்டோபர் பிறந்ததும் தீபாவளித் துணி வரத் தொடங்கியது. முதல் தேதி ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை படைத்தாள். சனிக்கிழமை லைனிங் துணி, ஹூக், நூல் வாங்கப் போனாள். கைபேசியில் ஸ்கேன் செய்து 1,460 ரூபாய் கொடுத்தாள். வாடிக்கையாளர்கள் அனுப்பும் பணம் வருவதும் அதே கணக்கு, தவணை போவதும் அதே கணக்கு. ஐந்தாம் தேதி ஞாயிறு. வங்கி திறக்காது, திங்கள்கிழமை போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் பிஸ்கட் டப்பாவில் மூவாயிரத்துக்கு மேல் ரொக்கமும் இருந்தது.

தவணை எடுக்கும் இயந்திரத்துக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் ஒன்று. 2021 ஆகஸ்டிலிருந்தே விடுமுறை நாளிலும் அது வேலை செய்கிறது. காலையிலேயே குறுஞ்செய்தி வந்துவிட்டது: இருப்பு போதவில்லை, தவணை திரும்பியது.

திங்கள்கிழமை ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டினாள். கடன் கொடுத்த வங்கி 250 ரூபாயும் அதற்கு வரியும் சேர்த்து 295 பிடித்தது. கணக்கு இருந்த வங்கி, தன் பங்குக்கு, 236. மொத்தம் 531. நேரமும் கண்ணும் கெட்டு அவள் தைக்கும் இரண்டு லைனிங் ஜாக்கெட்டின் கூலியில் முக்கால்வாசிக்கும் மேல். டப்பாவில் பணம் இருக்கும்போதே போனது.

"இந்த ஒரு தடவையோடு விடு," என்றார் அதிகாரி, கோபப்படாமல். "தாமதம் உன் கடன் பதிவில் ஏறிக்கொண்டே போனால், பின்னால் பெரிய கடன் கேட்கும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். என்னைப் போல முகத்தைப் பார்க்க மாட்டார்கள்."

இரவு அம்மாவிடம் சொன்னாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். அம்மா சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"அவன் வந்து நின்றிருந்தால் கொடுத்திருப்பாயா, மாட்டாயா?"

"யார்?"

"தண்டல்காரன்."

"கொடுத்திருப்பேன்."

"அப்போது உனக்குப் பணம் இல்லாமல் போகவில்லை. ஆள் இல்லாமல் போய்விட்டது."

மறுநாள் மாலை ஆறு மணிக்கு அம்மா தையல் மெஷினுக்கு எதிரே வந்து நின்றாள். கையில் பழைய தண்டல் அட்டை, பின்பக்கம் கட்டம் போட்டிருந்தது. "75 ரூபாய்," என்றாள். மாதம் 26 வேலை நாள், 75 வீதம் 1,950. தவணை போக 67 ரூபாய் மிஞ்சும். இந்தக் கணக்கை மாடி வீட்டுப் பையனிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"அம்மா, இந்த ஜாக்கெட்டை முடித்துவிட்டு..."

"நான் நாலு இடம் போக வேண்டும்."

மகேஸ்வரி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கையெழுத்துக்குப் பதில் அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் உண்மையாகவே காசில்லை. "நாளைக்கு வாங்கிக்கொள்," என்றாள் மகள். "நாளைக்கு 150," என்றாள் அம்மா, தன் வாழ்நாள் முழுதும் கேட்ட குரலில். மறுநாள் 150 வாங்கும்வரை அங்கிருந்து நகரவில்லை. தண்டல்காரர்கள் எவ்வளவு மோசமானவர்கள் என்று புலம்பியவளுக்கு அந்த வேலை இவ்வளவு நன்றாக வரும் என்று யாருக்குத் தெரியும்?

தவணைக்கென்றே தனிக் கணக்கு திறந்தார்கள், கடன் கொடுத்த வங்கியிலேயே. கைபேசியின் ஸ்கேன் வசதியோடு அதை இணைக்கவில்லை. ஏடிஎம் அட்டை வந்ததும் அம்மா வாங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். திங்கள்தோறும் வசூலைக் கொண்டுபோய்ப் போடுவதும் அம்மாதான். தானாகப் பிடிக்கும் கணக்கை மாற்றக் கையெழுத்துப் போட்டபோது, தேதியை ஐந்திலிருந்து பத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மகேஸ்வரி கேட்டாள். "பத்தாம் தேதி மட்டும் பணம் மரத்தில் காய்க்குமா?" என்று கேட்டது அதிகாரி அல்ல, அம்மா.

தினம் 75 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்ததால், தனக்கு வர வேண்டியதையும் அவள் தினம் எண்ணத் தொடங்கினாள். அப்போதுதான் தெரிந்தது, தெருவில் மட்டும் அவளுக்கு நாலாயிரம் ரூபாய் நிற்கிறது. பக்கத்துத் தெரு டீச்சர் மூன்று ஜாக்கெட்டுக்கு 900 பாக்கி. புதிதாக இரண்டு துணியோடு வந்து நின்றார்.

"டீச்சர், பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டால் இதை வெட்டிவிடுவேன். இதற்குப் பாதி முன்பணம்."

"என்ன மகேஸ், பெரிய கடைக்காரி ஆகிவிட்டாயா?"

"ஆறு மணிக்கு வசூலுக்கு ஆள் வரும், டீச்சர்."

டீச்சருக்கு அது யார் என்று தெரியாது. ஆனால் அந்தப் பேட்டையில் வசூல் ஆள் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 900 ரூபாய் அங்கேயே வந்தது. ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டு துணியைத் திருப்பி வாங்கிப் போனார். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேறு எங்கும் எடுத்துக்கொள்ளாததால் திரும்பி வந்தார். அவருக்கு மகேஸ்வரி முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டாள். அது கொஞ்சம் அதிகம்தான்.

நவம்பர் தவணை போனது. டிசம்பரும் போனது. தவணைக் கணக்கில் மிச்சம் சேர்ந்து, அம்மா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வசூலுக்கு வரத் தொடங்கியிருந்ததால், மார்கழிக்கு ஒரு தவணை முன்கூட்டியே தயாராக இருந்தது.

அந்த மாதம் ஒரு மதியம் கைபேசி அடித்தது. கடன் வாங்கித் தரும் நிறுவனம் ஒன்றிலிருந்து பேசுவதாகச் சொன்னார் ஓர் இளைஞர். எம்பிராய்டரி மெஷினுக்கு ஒன்றரை லட்சம், உடனடி ஒப்புதல், ஒரே ஒரு கையெழுத்து.

"மாதம் எவ்வளவு சார் வரும்?"

சொன்னார். அவள் வெள்ளைச் சுண்ணக் கட்டியால் மேஜை ஓரத்திலேயே இருபத்தாறால் வகுத்துப் பார்த்தாள்.

"தினம் இவ்வளவு மார்கழியில் வராது சார். தை பிறந்து முகூர்த்தத் துணி எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

"மேடம், இந்தச் சலுகை இந்த மாதத்தோடு முடிகிறது."

"முடியட்டும் சார்," என்று வைத்துவிட்டு, அளவு ஜாக்கெட்டோடு காத்திருந்த பெண்ணிடம், கழுத்து எத்தனை அங்குலம் இறக்க வேண்டும் என்று கேட்டாள்.