பொன்னியின் செல்வன் வாசிப்பு வட்டம்: வெள்ளிக்கிழமைக்கான கேள்விகளும் யாருக்கு என்ன வேலைங்கறதும்

பிளஸ் ஒன் பிள்ளைங்களா, முதல் பாகம் புது வெள்ளத்துல முதல் எட்டு அத்தியாயம், "ஆடித்திருநாள்"லேர்ந்து "பல்லக்கில் யார்?" வரைக்கும் வெள்ளிக்கிழமை பேசுறோம். யாரும் கதை சொல்ல வேணாம், படத்துல பாத்ததும் வேணாம், என்ன சொன்னாலும் புக்கைத் திறந்து அந்த வரியைக் காட்டிட்டு சொல்லுங்க.

வழி காட்டுறவங்க: அணைக்கரை பக்கத்துலேர்ந்து பஸ்ல வர்றவங்க. கொள்ளிடத்துத் தண்ணி கீழணையிலேர்ந்து வடவாறு வழியா வீராணத்துக்குப் போறத பாத்து வளந்தவங்க நீங்கதான். வந்தியத்தேவன் ஏரிக்கரையில குதிரையில வர்றான், எழுபத்து நாலு கணவாய் பத்தி நினைச்சுப் பாக்குறான். வீரன் ஒருத்தனோட அறிமுகத்த கல்கி ஏன் சண்டையில வைக்காம ஏரித் தண்ணியில வச்சாரு? ஏரியிலேர்ந்து கடம்பூர் மாளிகை வரைக்கும் அவன் எங்கெங்க நிக்கிறான்னு ஒரு சார்ட்ல வரைஞ்சுட்டு வாங்க.

வரி பிடிக்கிறவங்க: ஜன்னலோர பெஞ்ச். பதினெட்டாம் பெருக்கு கூட்டம், கூட்டாஞ்சோறு, சித்திரான்னம், அவ்வளவு சந்தோஷம், அப்பறம் பனைக்கொடி படகு வந்ததும் அந்த கூட்டம் என்ன ஆகுது? ஒரு வார்த்தை கூட பயம்னு சொல்லாமலே பயத்தைக் காட்டுற வரி எதுன்னு ஒண்ணே ஒண்ணு எடுங்க, சத்தமா வாசிங்க. நம்ம வீட்டு ஆடிப்பெருக்கோட எது ஒத்துப்போகுது, எது இல்லன்னும் சொல்லுங்க.

எதிர்க்கட்சி: கடைசி பெஞ்ச். உங்களுக்குத்தான் கஷ்டமான கேள்வி, வேணும்னேதான் குடுத்திருக்கேன். நடுநிசிக் கூட்டத்துல கூடுனவங்க எல்லாம் துரோகிகள்னு வந்தியத்தேவன் கண்ணு வழியா பாத்தே முடிவு பண்ணிடறோம். பல்லக்குலேர்ந்து வெளிய வர்ற மதுராந்தகன் கண்டராதித்தரோட மகன், அவருக்கப்பறம் பட்டம் தம்பி வழிக்குப் போயிடுச்சு, அப்ப அவனுக்கு உரிமையே இல்லையா? பழுவேட்டரையர் பக்கம் நின்னு வாதாடுங்க. மத்தவங்க யாரும் குறுக்க பேசக்கூடாது, முடிச்சப்பறம் பதில் சொல்லலாம்.

வரலாறு பாக்குறவங்க: பேச்சுப்போட்டிக்குப் போற மூணு பேர். வீரநாராயணன்ங்கறது முதலாம் பராந்தகனோட பட்டப்பேரு, ஏரிக்கும் அதான் பேரு. சுந்தர சோழர், குந்தவை நிஜத்துல இருந்தவங்க, நந்தினி கல்கியோட கற்பனை. நிஜ ஆளுங்க நடுவுல கற்பனை ஆளை வச்சா கதைக்கு என்ன கிடைக்குது?

முடிச்சு தேடுறவங்க: மிச்சம் எல்லாரும். 1950லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் பத்திரிகையில வந்த தொடர் இது. ஒவ்வொரு அத்தியாயக் கடைசி வரியையும் மட்டும் எழுதி வச்சுப் பாருங்க, எதுல அடுத்த வாரம் வரைக்கும் தூக்கம் வந்திருக்காது?

புக் இல்லாதவங்க லைப்ரரியில ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு வாங்கிக்கோங்க. அடுத்த வாரம் வேலைய மாத்திக்குவோம், இந்தத் தடவை வாயே திறக்காதவங்கதான் அடுத்த தடவை வழி காட்டணும்.