மதுவிலக்குத் தீர்மானம்: இரு பக்கமும் சொன்னதில் வலுவானவை

அக்டோபர் 2 கிராம சபையில், தமிழ்நாடு முழுக்க மதுவிலக்கு கேட்டு ஒரு தீர்மானம் நம் ஊராட்சியில் வருகிறது. பொங்கல் முடிந்ததிலிருந்து டீக்கடையிலும் வாட்ஸ்ஆப் குழுவிலும் நூலகத்து ஞாயிறு கூட்டங்களிலும் இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கும் பாதியில் வந்து சேர்ந்தவர்களுக்கும், கை தூக்குவதற்கு முன்னால் படித்துப் பார்க்க ஒரு சுருக்கம் வேண்டும் என்று இரு பக்கத்தாரும் கேட்டார்கள். வாசகர் வட்டம் சார்பில் இதை எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேரிடம் வரைவைக் காட்டி, "ஆமாம், நாங்க சொன்னது இதுதான்" என்று அவர்கள் ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்திருக்கிறேன். எது அதிகமுறை சொல்லப்பட்டது என்று எண்ணவில்லை. எதற்கு எதிர்ப்பக்கம் பதில் சொல்லத் திணறியதோ அதற்குத்தான் இடம். "குடிக்கிறவன் எப்படியும் குடிப்பான்", "இதை எதிர்க்கிறவன் எல்லாம் குடிகாரன்", எந்தக் கட்சிக்காரருக்கு எந்த ஆலை என்கிற சண்டை, இவை மூன்றும் வெளியே. கள்ளுக்கு அனுமதி கேட்கும் தென்னை விவசாயிகளின் வழக்கு தனி. அதை இதோடு கலந்தால் இரண்டும் குழம்பும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தத் தீர்மானம் நிறைவேறினால் மறுநாள் நம் கடை மூடப்படாது. அது ஆட்சியருக்கும் அரசுக்கும் போகிற கோரிக்கை, அவ்வளவுதான்.

வேண்டும் என்போர்

இவர்களை முதலில் வைத்தது தீர்மானம் இவர்களுடையது என்பதால்தான்.

இவர்களின் முதல் வாதம் குடிக்காதவர்களைப் பற்றியது. குடிக்கிறவர் தன் உடம்பைக் கெடுத்துக்கொள்வது அவர் உரிமை என்றே வைத்துக்கொண்டாலும், செலவு அவரோடு நிற்பதில்லை. சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த ஒரு சித்தாள் அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்: "சனிக்கிழமை நாலு மணிக்கே நான் சைட்டுக்குப் போய் மேஸ்திரிகிட்ட நின்னுடுவேன். என் கூலியோட அவர் கூலியையும் கையில வாங்கிட்டாத்தான் திங்கட்கிழமை தவணை கட்ட முடியும். அஞ்சு நிமிஷம் லேட்டாப் போனா அது கடைக்குப் போயிடும்." தனிமனித உரிமை பேசுகிறவர்கள் இந்த ஐந்து நிமிடத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் இவர்களின் கேள்வி. அடி உதை, பைக் விபத்து, படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எல்லாம் இதே கணக்கில் வருகின்றன.

அடுத்தது அரசின் இரட்டை வேடம். 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003-இல் சில்லறைக் கடைகளையும் கையில் எடுத்தது. அதிலிருந்து விற்பவரும் அரசு, குடியைக் குறைக்க வேண்டியவரும் அரசு. 2023-24-இல் மது மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இவ்வளவு பணம் வரும் தொழிலை யாராவது மனமார இறக்கிவிடுவார்களா? 'படிப்படியாகக் குறைப்போம்' என்ற பேச்சு நடைமுறைக்கு வராததற்குக் காரணம் நல்லெண்ணம் இல்லாமை அல்ல, அமைப்பே அப்படி என்கிறார்கள். 2016-இல் 500 கடைகளும் 2023-இல் 500 கடைகளும் மூடப்பட்டன, வருவாய் குறையவில்லை. ஆகவே கடை எண்ணிக்கையைக் குறைப்பது வழியல்ல, முழுதாக நிறுத்துவதுதான் வழி என்று முடிக்கிறார்கள்.

கிட்டே இருப்பதால் வரும் ஆசை மூன்றாவது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நம் ஊர்க் கடையும் பைபாஸிலிருந்து உள்ளே வந்தது. அதற்கு முன்பு மாதம் ஒருமுறை குடித்தவர்கள் இப்போது தினமும் குடிக்கிறார்கள் என்று தெருவாரியாகப் பெயர் சொன்னார்கள் (அந்தப் பெயர்கள் இங்கே வராது). தீவிரக் குடிகாரரைச் சட்டம் மாற்றாமல் போகலாம், ஆனால் இனிமேல் தொடங்கப்போகிற பதினெட்டு வயதுப் பையனை மாற்றும். இது, என் கணிப்பில், எதிர்ப்பக்கம் கடைசிவரை நேராகப் பதில் சொல்லாத வாதம்.

அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவையும் எடுத்துக்காட்டினார்கள். மருந்துத் தேவை தவிர மதுவைத் தடைசெய்ய அரசு முயல வேண்டும் என்கிறது அது. பணத்துக்கு என்ன வழி என்பதற்கு ராஜாஜியைக் காட்டுகிறார்கள்: 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு, விழுந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி.

கூடாது என்போர்

இவர்களில் யாரும் மது நல்லது என்று சொல்லவில்லை. இதை வேண்டும் என்போரில் பலர் கவனிக்கவே இல்லை. இவர்கள் கேட்பது கடையை மூடிய மறுநாள் என்ன நடக்கும் என்பதை.

நமக்கு மதகடிப்பட்டு எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே மூடினால் புதுச்சேரிக் கடைக்கு பஸ் இருக்கிறது, பைக் இருக்கிறது. பைக் இல்லாதவனுக்கு வாங்கி வந்து கூடுதல் விலைக்குக் கொடுக்க ஆள் வருவான். அதையும் கொடுக்க முடியாதவனுக்குப் பாக்கெட் சாராயம். ஆக, குடியை நிறுத்த முடியாதவர்களில் மிக ஏழைக்கு மிக ஆபத்தான சரக்கு போய்ச் சேரும். குஜராத்தில் 1960 முதல் மதுவிலக்கு இருக்கிறது. 2009-இல் அகமதாபாத்தில் கள்ளச்சாராயம் குடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பீகாரில் 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்தது. 2022 டிசம்பரில் சாப்ராவில் எழுபதுக்கு மேற்பட்டோர்.

இரண்டாவது வாதத்தைச் சொன்னவர் நம் ஊர் வழக்கறிஞர். சட்டம் காகிதத்தில் எல்லோருக்கும் பொது, பிடிபடுவது தெருவில் நிற்கிறவன். வீட்டுக்குள் வெளிநாட்டுப் பாட்டில் வைத்திருப்பவர் வாசலில் போலீஸ் போய் நிற்காது. பீகாரில் ஜாமீன் மனுக்கள் குவிந்து நீதிமன்றங்கள் திணறியதை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியே வெளிப்படையாகக் குறை சொன்னார். 2022-இல் அந்த அரசே சட்டத்தைத் திருத்தி, முதல்முறை குடித்துப் பிடிபட்டவர்கள் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்றாக்கியது. சம்பாதிக்கிற ஆள் உள்ளே போனால், சனிக்கிழமை நாலு மணிக்கு சைட்டில் வாங்கக் கூலியே இருக்காதே என்று அந்த அக்காவின் பேச்சை வைத்தே அவர் திருப்பிக் கேட்டார். அன்றைக்குக் கூட்டம் சற்று நேரம் அமைதியானது.

பணக் கணக்கும் இவர்கள் பக்கம் கனமானது. ராஜாஜி காலத்தில் மாநிலம் நினைத்தால் புது வரி போடலாம். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலத்தின் கையில் மிஞ்சியிருக்கும் பெரிய வரிகளில் மதுவும் பெட்ரோல், டீசலும் முக்கியமானவை. மகளிர் உரிமைத் தொகையாக ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போகிறது. எதை வெட்டுவீர்கள் என்று சொல்லிவிட்டுத் தீர்மானம் போடுங்கள் என்கிறார்கள். (வலக்கையால் ஆயிரம் கொடுத்து இடக்கையால் அதைவிட அதிகம் பிடுங்குவதற்குப் பெயர் உதவியா என்பது மறுபக்கத்தின் பதில். இது இங்கே நாலு முறை வந்து போனது, நகரவில்லை.)

போட்டுவிட்டு எடுத்த கதைகளும் உண்டு. ஆந்திரா 1995-இல் போட்டு 1997-இல் தளர்த்தியது. ஹரியானா 1996-இல் போட்டு 1998-இல் எடுத்தது. நம் மாநிலமே 1971-இல் தளர்த்தி, 1974-இல் திரும்பக் கொண்டுவந்து, 1981-இல் மறுபடி தளர்த்தியது.

ஒரே சம்பவம், இரு பக்கச் சாட்சி

மாதக்கணக்கில் நடந்த பேச்சில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் காட்டுகிறார்கள்.

காந்தி ஜெயந்தி அன்றைக்குக் கடை கிடையாது. ஆனால் காலை ஆறு மணிக்கே வாய்க்கால் மதகு அருகே குவார்ட்டர் பிளாக்கில் கிடைக்கும். ஊரில் தெரியாதவர் இல்லை. ஒரு நாள் தடைக்கே பிளாக் வருகிறது, வருடம் முழுக்கத் தடை என்றால் என்ன ஆகும் என்கிறது ஒரு பக்கம். அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது, முதல்நாள் இரவு நம் கடையில் அட்டைப்பெட்டியோடு வாங்கியதுதானே, கடையே இல்லாவிட்டால் அவன் எதை விற்பான் என்கிறது இன்னொரு பக்கம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் நம் மாவட்டத்தில் மரக்காணம் பக்கம். கடை திறந்திருக்கும்போதே இது நடந்தது. ஆகவே கள்ளச்சாராயத்தைத் தடுக்கத்தான் டாஸ்மாக் என்ற வாதம் செத்துவிட்டது என்று வேண்டும் என்போர் சொல்கிறார்கள். கடைச் சரக்கின் விலை கட்டுப்படியாகாதவர்கள்தான் அதைக் குடித்தார்கள். மதுவிலக்கு வந்தால் எல்லோருமே அந்த நிலைக்கு வருவார்கள் என்கிறார்கள் மற்றவர்கள்.

2020 ஊரடங்கில் ஒரு மாதத்துக்கு மேல் கடை இல்லை. பல வீடுகளில் அது நிம்மதியான மாதம், ஆண்கள் சும்மா இருந்தார்கள், செத்துப்போகவில்லை. அதே மாதத்தில் கை நடுங்கி வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதும் நடந்தது. இரண்டும் உண்மை. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று நம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் கூட்டத்தில் விளக்கினார். அதை யாரும் மறுக்கவில்லை.

எண்களும் அப்படியே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் தமிழ்நாட்டில் 25.4 சதவீதம், மதுவிலக்கு உள்ள பீகாரில் 15.5, குஜராத்தில் 5.8. தடை வேலை செய்கிறது என்று ஒருவர் இதை வாசித்தார். இன்னொருவர் அதே ஆய்விலிருந்து, கடை திறந்திருக்கும் மகாராஷ்டிரத்தில் 13.9 என்று வாசித்தார். தடை உள்ள ஊரில் 'குடிக்கிறேன்' என்று எவன் ஒப்புக்கொள்வான் என்றும் கேட்டார். அந்தக் கேள்வியை வைத்தால் பீகார், குஜராத் எண்கள் இரண்டையும் சற்றுத் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தை அது தொடாது.

எங்கே பிரிகிறார்கள்

பள்ளிக்கூடப் பாதையில் கடை கூடாது, தாலுகா ஆஸ்பத்திரியில் குடிமீட்புப் படுக்கை வேண்டும் என்பதில் பிரிவே இல்லை. பிரிவது இரண்டு இடத்தில். புதிதாகத் தொடங்குகிறவர்களைத் தடுப்பதா, ஏற்கெனவே விட முடியாதவர்களைக் காப்பதா, இரண்டும் மோதினால் எதற்கு முதலிடம்? இந்தச் சட்டத்தை நடத்தப்போகும் போலீஸையும் அதிகாரிகளையும் எவ்வளவு நம்புகிறீர்கள்? இரண்டாவதற்கு அவரவர் பதில் எதுவோ, பெரும்பாலும் அந்தப் பக்கமே நின்றார்கள்.

மூன்றாவது யோசனை ஒன்றும் வந்தது: முழு மதுவிலக்குக்குப் பதிலாக, நம் ஊர்க் கடையை மட்டும் மாற்றக் கோரும் தனித் தீர்மானம். வேண்டும் என்போர் அதைக் கண்துடைப்பு என்றார்கள், கூடாது என்போரில் பாதிப் பேர் ஏற்றார்கள். தலைவர் அனுமதித்தால் அதுவும் சபையில் வைக்கப்படும்.

இதில் உங்கள் பக்க வாதம் பலவீனமாக எழுதப்பட்டிருக்கிறது என்று தோன்றினால், செப்டம்பர் 28 மாலைக்குள் நூலகத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கத்து இருவர் ஒப்புக்கொண்டால் சேர்த்து, சபைக்கு முதல்நாள் அறிவிப்புப் பலகையில் புதிய பிரதி ஒட்டப்படும்.